வாசலில் பதவி, கோப்பில் கிரேடு

பழைய மகாபலிபுரம் சாலையின் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்திலிருந்து வேலைக்கான ஆஃபர் லெட்டர் மின்னஞ்சலில் வந்து சேர்கிறது. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் டெசிக்னேஷன். கடைசிப் பக்கத்தில் அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, பிஎஃப், கிராஜுவிட்டி என்று பிரித்துக் காட்டி, அடியில் மொத்தத் தொகை. இரண்டுக்கும் நடுவில், இடம் நிரப்ப வைத்ததுபோல ஒரு வரி: கிரேடு, ஜி7. பெரும்பாலானவர்கள் முதல் பக்கத்தைப் பார்த்து மகிழ்ந்து, கடைசிப் பக்கத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். அந்த நடு வரி என்னவென்று கேட்கிற சிலருக்கும் மனிதவளத் துறையிலிருந்து வருகிற பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "அது இன்டர்னல் சார், நீங்க அதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்."

கவலைப்பட வேண்டாம் என்று சொல்லப்படும் அந்த வரிதான் அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு அவருடைய ஊதிய உயர்வு, போனஸ், நோட்டீஸ் காலம், காப்பீட்டில் கிடைக்கும் அறை, விமானத்தில் கிடைக்கும் இருக்கை, அடுத்த பதவி உயர்வுக்கான காத்திருப்பு ஆகியவற்றைத் தீர்மானிக்கப் போகிறது. டெசிக்னேஷன் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடுவதே இல்லை.

பதவிப்பெயர் வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை என்றால், கிரேடு அந்த மனைக்கான பட்டா. பலகையில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். தெருவில் போகிறவர் அதைத்தான் படிப்பார். எல்லை எது, எவ்வளவு என்பது பட்டாவில் இருக்கிறது.

கிரேடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் அதன் குணம் புரியும். பெரிய நிறுவனங்களில் ஒரு பணியிடத்தை உருவாக்கும்போது, அதில் யார் உட்காரப் போகிறார் என்பது தெரிவதற்கு முன்பே அந்த இடத்தை எடை போடுகிறார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் ஹே 1943-ல் தொடங்கிய ஆலோசனை நிறுவனம் பரப்பிய முறை இதில் மிகவும் பெயர்பெற்றது. அந்த வேலைக்கு எவ்வளவு அறிவும் பழக்கமும் தேவை, அதில் எவ்வளவு சிக்கலான பிரச்சினைகளைத் தீர்க்க வேண்டியிருக்கும், முடிவுகளுக்கு எவ்வளவு தூரம் பொறுப்பேற்க வேண்டும் என்ற மூன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவார்கள். ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வரும் வேலைகளெல்லாம் ஒரே கிரேடு. மென்பொருள் குழுத் தலைவரும் கணக்குப் பிரிவு மேலாளரும் ஒரே கிரேடில் நிற்பது இப்படித்தான். பெயர்கள் வேறு, எடை ஒன்று.

எடை போடப்படுவது நாற்காலி; உட்காருகிற ஆள் அல்ல. இதை மனிதவளத் துறையினர் பெருமையோடு சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆளைப் பார்த்துச் சம்பளம் வைத்தால் சாதியும் சிபாரிசும் சொந்த ஊரும் உள்ளே புகுந்துவிடும். ஆனால் நாற்காலியை எடை போட்டுவிட்டு, அந்த எடையை உட்காரப் போகிறவரிடம் மட்டும் சொல்லாமல் இருப்பது அதே நியாயத்தின் எந்தப் பகுதியில் வருகிறது என்பதை எவரும் விளக்குவதில்லை.

அரசு வேலையில் இந்த ஒளிவு இல்லை. ஏழாவது மத்திய ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஊதிய அட்டவணையை யாரும் எடுத்துப் பார்க்கலாம். நிலை 10 என்றால் தொடக்கம் மாதம் 56,100 ரூபாய். நிலை 11 என்றால் 67,700. ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ மூன்று விழுக்காடு ஏறி அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அங்கே பதவிப்பெயர் எதுவானாலும் நிலை எது என்று கேட்டால் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற எழுத்தரே சொல்லிவிடுவார். தனியார் நிறுவனத்திலும் இதே மாதிரி அட்டவணை இருக்கிறது. அது சுவரில் ஒட்டப்படுவதில்லை, அவ்வளவுதான்.

அந்த அட்டவணைக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒரு கணக்காகப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. அமைப்பு மட்டும் எங்கும் காண்பது. ஒரு பொறியாளர் இப்போது ஆண்டுக்கு 24 லட்சம் நிலையான சம்பளம் வாங்குகிறார். புதிய நிறுவனம் 29 லட்சம் தருகிறது. டெசிக்னேஷன் சீனியர் மேனேஜர். கிரேடு ஜி7. ஐந்து லட்சம் ஏற்றம், கூடவே சீனியர் என்ற சொல். வீட்டில் பாயசம் வைக்கிறார்கள்.

அந்த நிறுவனத்தின் அட்டவணையில் ஜி7 என்பது 18 லட்சத்தில் தொடங்கி 30 லட்சத்தில் முடிகிறது, நடுப்புள்ளி 24. அதற்கு மேல் ஜி8, அது 25 லட்சத்தில் தொடங்கி 41-ல் முடிகிறது, நடுப்புள்ளி 33. ஆக, நம் பொறியாளரின் 29 லட்சம் இரண்டு கிரேடுகளிலும் அடங்கும் தொகை. ஜி7-ல் வைத்தால் அவர் கூரைக்கு ஒரு லட்சம் கீழே நிற்கிறார். ஜி8-ல் வைத்தால் நடுப்புள்ளிக்குக் கீழே, மேலே நிறைய இடத்தோடு நிற்கிறார். கையெழுத்திடும் நாளில் இரண்டும் ஒரே சம்பளம். வித்தியாசம் அடுத்த ஏப்ரலில்தான் தெரியும்.

ஏப்ரலில் ஊதிய உயர்வு கொடுக்கும்போது பல நிறுவனங்கள் மதிப்பீட்டை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு பக்கம் மதிப்பீடு, மறு பக்கம் கிரேடின் வீச்சுக்குள் அவர் எங்கே நிற்கிறார் என்பது. இரண்டையும் கட்டம் போட்டு விழுக்காடு முடிவு செய்கிறார்கள். ஒரே அளவு நன்றாக வேலை செய்த இருவரில், வீச்சின் கீழ்ப்பகுதியில் நிற்பவருக்கு 8 விழுக்காடு கிடைத்தால், கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்பவருக்கு 4 கிடைக்கலாம். சந்தைக்கு ஏற்பக் கூரையையும் ஆண்டுதோறும் சற்று உயர்த்துவார்கள். அந்த உயர்வு 3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஜி7-ல் நிற்கும் நம் பொறியாளர் மூன்று ஆண்டுகளில் 32.62 லட்சத்துக்கு வருவார். கூரை அப்போது 32.78-ல் இருக்கும். மூன்று ஆண்டு உழைத்து, தலை இடிக்காத உயரத்தில் குனிந்து நிற்கிறார். அதே ஆள் ஜி8-ல் இருந்து ஆண்டுக்கு 8 விழுக்காடு பெற்றிருந்தால் 36.53 லட்சம்.

இதோடு போனஸையும் சேர்க்க வேண்டும். இலக்கு போனஸ் என்பது பெரும்பாலும் கிரேடோடு கட்டப்பட்ட விழுக்காடு. ஜி7-க்கு 12, ஜி8-க்கு 20 என்று கொண்டால், மூன்றாம் ஆண்டு முடிவில் ஒன்றில் 3.91 லட்சம், இன்னொன்றில் 7.31 லட்சம். சம்பளத்திலும் போனஸிலும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 7.3 லட்சம் வேறுபாடு. ஒரே நாளில் ஒரே சம்பளத்துக்குச் சேர்ந்த ஒரே ஆளுக்கு, நடு வரியில் இருந்த ஓர் எண் ஒன்று கூடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகை அது. சீனியர் மேனேஜர் என்ற பெயர் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

அப்படியானால் ஜி7-ல் வைத்துவிட்டுச் சீனியர் மேனேஜர் என்று ஏன் பெயர் கொடுத்தார்கள்? பெயர் இலவசம் என்பதால்தான். ஒரு காலியிடத்துக்கு ஆள் எடுக்க அனுமதி வாங்கும்போதே அது இந்தக் கிரேடு என்று நிதிப் பிரிவு ஒப்புக்கொண்டு பணம் ஒதுக்கியிருக்கும். ஆஃபர் கட்டத்தில் கிரேடை ஏற்ற வேண்டுமானால், அந்த அனுமதியை மறுபடி முதலிலிருந்து வாங்க வேண்டும். மேலிடத்தில் இரண்டு மூன்று பேர் கையெழுத்திட வேண்டும். பதவிப்பெயரை நீட்டுவதற்கு எவர் பணமும் செலவாகாது. பேரம் இழுக்கும் ஆளிடம் ஆள்சேர்ப்பு அதிகாரி தாராளமாகக் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான். "டெசிக்னேஷன் வேணா பேசிப் பாக்கலாம் சார்" என்று அவர் சொல்லும்போது, கிரேடைப் பற்றிய பேச்சு முடிந்துவிட்டது என்றும் சேர்த்தே சொல்கிறார்.

வங்கிகளின் சென்னை அலுவலகங்களைப் பார்த்தால் இந்தத் தாராளம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். பன்னாட்டு வங்கிகளில் அசிஸ்டென்ட் வைஸ் பிரசிடென்ட் என்பது, ஊரில் கேட்பவருக்குத் தலைவருக்கு அடுத்தபடி நிற்பவர் என்று தோன்றுகிற ஒரு பெயர். ஒரே தளத்தில் அப்படிப்பட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பலருக்குக் கீழே வேலை பார்க்க ஒருவர்கூட இருக்க மாட்டார். எதிர்ப்பக்கத்தில், ஃபேஸ்புக்கை நடத்தும் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவரும் பல ஆண்டு அனுபவம் கொண்டவரும் வெளியே ஒரே பெயரில், மென்பொருள் பொறியாளர் என்றே அறியப்படுகிறார்கள். உள்ளே மட்டும் இ3, இ4, இ5 என்று அடுக்குகள். ஒரு நிறுவனம் பெயரைக் கொடுத்து எடையை மறைக்கிறது, இன்னொன்று எடையைக் கொடுத்துப் பெயரை மறைக்கிறது. இரண்டு இடத்திலும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

பெயர் பயனற்றது என்றும் சொல்லிவிட முடியாது. வேலையை விட்டு வரும்போது கையில் கிடைக்கும் ரிலீவிங் லெட்டரில் பெரும்பாலும் டெசிக்னேஷன்தான் இருக்கும். கிரேடு நிறுவனத்தின் கணினியிலேயே தங்கிவிடும். அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பும் அந்தப் பெயரைத்தான் கேட்கும். ஜி8 என்று அங்கே சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது, ஏனென்றால் ஒரு நிறுவனத்தின் ஜி8 இன்னொன்றின் ஐந்தாக இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். எண் ஏறுவது சில இடங்களில் உயர்வு, சில இடங்களில் தாழ்வு. கல்யாணப் பேச்சில் கேட்கப்படுவதும் பெயர்தான். சேவை நிறுவனத்தில் மேனேஜராக இருந்துவிட்டு, இரண்டு மடங்கு சம்பளத்துக்குப் பொருள் தயாரிக்கும் நிறுவனத்தில் வெறும் சீனியர் இன்ஜினியராகச் சேருகிறவரை, "மேனேஜரா இருந்தீங்களே தம்பி, என்ன ஆச்சு?" என்று மாமனார் வீட்டில் துக்கம் விசாரிப்பார்கள். அவருடைய கிரேடை விளக்கிச் சொல்ல அந்தக் கூடத்தில் இடமில்லை.

பெயர், கிரேடு இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒரு கேள்வியைக் கேட்பது சட்டம். 1947-ன் தொழில் தகராறுச் சட்டத்திலும், அதன் இடத்துக்கு வந்த 2020-ன் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும், ஒருவர் தொழிலாளியா இல்லையா என்பது அவர் முதன்மையாகச் செய்யும் வேலையைப் பொறுத்தது. மேலாண்மைத் தன்மையுள்ள பணியில் இருப்பவர் அந்த வரையறைக்கு வெளியே போய்விடுகிறார். ஆனால் மேலாளர் என்று பெயர் வைத்துவிட்டதாலேயே ஒருவர் மேலாளர் ஆகிவிட மாட்டார் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. விடுப்பை அனுமதிக்கிறாரா, யார் மீதாவது நடவடிக்கை எடுக்க அதிகாரம் இருக்கிறதா, நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் முடிவுகளை எடுக்கிறாரா, இல்லை நாள் முழுக்கத் தொழில்நுட்ப வேலையையே பார்க்கிறாரா என்றுதான் ஆராய்வார்கள். ஆள்குறைப்பு நாளில் ஒரு சீனியர் மேனேஜர் இந்தச் சட்டம் தரும் பாதுகாப்பைப் பெற, தான் மேனேஜரே இல்லை என்று நிரூபிக்க வேண்டி வரலாம். பாயசம் வைத்துக் கொண்டாடிய பெயரை எதிர்த்து அவரே சாட்சி சொல்ல வேண்டிய இடம் அது.

ஆகவே ஆஃபர் வந்த பிறகு கிரேடைப் பற்றிக் கேட்பதைப் பேராசை என்று யாராவது நினைத்தால் அவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்று பொருள். எப்போது கேட்பது என்பதுதான் முக்கியம். தொலைபேசியில் தொகையைச் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் கேட்பதற்கு இடைப்பட்ட அந்தச் சில நாட்களில் மட்டுமே விண்ணப்பித்தவர் கையில் ஏதோ கொஞ்சம் வலு இருக்கிறது. ஒப்புக்கொண்டு, பழைய வேலையில் ராஜினாமாவும் கொடுத்துவிட்ட பிறகு, 90 நாள் நோட்டீஸில் நிற்கும் ஆளுக்குக் கிடைப்பது விளக்கம் மட்டுமே, மாற்றம் கிடைக்காது.

என்ன கேட்பது என்பதும் சிக்கலில்லை. இந்தக் கிரேடுக்குக் கீழே எத்தனை, மேலே எத்தனை. இந்தக் கிரேடின் சம்பள வீச்சு என்ன, எனக்குச் சொன்ன தொகை அதில் எந்தப் பகுதியில் வருகிறது. என் மேலாளர் எந்தக் கிரேடு, நான் சேரும் குழுவில் இதே வேலையைச் செய்கிறவர்கள் எந்தக் கிரேடு. போனஸ் விழுக்காடும் நோட்டீஸ் காலமும் கிரேடைப் பொறுத்தவையா. அடுத்த கிரேடுக்குப் போகக் குறைந்தது எவ்வளவு காலம் ஆக வேண்டும், அங்கே செய்யும் வேலை இதிலிருந்து எப்படி வேறுபடும். இவ்வளவுதான். தொகையைச் சொல்ல மறுத்தால், "வீச்சை மூணா பிரிச்சா நான் எந்தப் பகுதியில இருக்கேன்?" என்று மட்டும் கேட்கலாம். எண்களைக் கொடுக்க அனுமதியில்லாத அதிகாரிகள்கூட இதற்குப் பதில் சொல்வதுண்டு.

பதிலை வைத்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். மேல் பகுதியில் இருக்கிறீர்கள் என்று நேராகச் சொல்லும் நிறுவனத்தில் ஆண்டு உயர்வு சிறிதாக இருக்கும் என்றாலும் ஏமாற்றம் இருக்காது. "எங்க கிட்ட எல்லாம் ஃபிளாட் சார், கிரேடெல்லாம் பேருக்குத்தான்" என்று சொல்லப்பட்டால், கடிதத்தில் அந்த வரி எதற்கு என்று கேட்டுவிட வேண்டும். "சேர்ந்துருங்க, ஆறு மாசத்துல ரிவ்யூ பண்ணி மேல தூக்கிடலாம்" என்பது மூன்றாவது வகை. எழுத்தில் தர முடியுமா என்று கேட்டதும் அந்தக் குரல் எப்படி மாறுகிறது என்பதில் அந்த வாக்குறுதியின் எடை இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதைச் சொன்னவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். ஒருவேளை அங்கே இன்னும் பெரிய பதவிப்பெயரோடு.

இன்டர்னல் என்ற பதில் எவ்வளவு தூரம் உண்மை என்பதற்கு வேறொரு சோதனை இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதலும், கலிஃபோர்னியாவில் 2023 முதலும், வேலை விளம்பரத்திலேயே சம்பள வீச்சைப் போட வேண்டும் என்பது சட்டம். ஐரோப்பிய ஒன்றியமும் 2023-ல் இதே திசையில் ஓர் உத்தரவைப் பிறப்பித்து, நேர்காணலுக்கு முன்பே விண்ணப்பிப்பவருக்கு வீச்சைச் சொல்ல வேண்டும் என்றது. இந்தியாவில் தனியார் நிறுவனங்களுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. ஆகவே ஒரே நிறுவனம், ஒரே மாதிரி வேலைக்கு, டென்வர் நகரத்தில் உலகமே பார்க்கும்படி வீச்சை அச்சிட்டுவிட்டு, சோழிங்கநல்லூரில் உட்கார்ந்திருப்பவரிடம் அது உள்விவகாரம் என்கிறது. ரகசியம் நிறுவனத்தின் கொள்கையால் வருவதல்ல. கேட்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதால் வருகிறது.

நம் பொறியாளருக்கு இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. ஜி8-க்கான வேலையையே செய்யச் சொல்கிறார்கள் என்றால், அதே குழுவில் அந்த வேலையைச் செய்கிறவர்களின் கிரேடைக் காட்டி, அனுமதியை மறுபடி வாங்கும்படி கேட்கலாம்; இரண்டு மூன்று வாரம் ஆகும், மறுக்கப்படவும் கூடும். கிரேடை மாற்ற முடியாது என்றால், இனி வரப்போகும் சின்ன உயர்வுகளை மனதில் வைத்து, சேரும்போதே ஒருமுறை போனஸாக ஒரு தொகையைக் கேட்கலாம். அது கிரேடின் வீச்சைத் தொடாது என்பதால் கொடுக்க எளிது. இல்லையென்றால் 29 லட்சத்தையும் பெயரையும் வாங்கிக்கொண்டு, இரண்டு ஆண்டில் அந்தப் பெயரை வேறிடத்தில் விற்கலாம். மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள்தான் அதிகம். கிரேடைச் சொல்ல மறுத்த நிறுவனங்கள், ஆட்கள் ஏன் இரண்டு ஆண்டுக்கு மேல் தங்குவதில்லை என்று பிறகு ஆலோசகர்களைக் கூப்பிட்டுக் கேட்கின்றன. அந்தக் கேள்விக்கு மட்டும் கட்டணம் கொடுத்துப் பதில் வாங்குகிறார்கள். விண்ணப்பித்தவர் கேட்டபோது ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.